ஒரே எண் மூன்று முறை

தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. என்னை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று எழுத வேண்டியவர், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடும் குழுத் தலைவர். அவர் எழுதிய நிரலில்தானா நான் போய்க் குறை கண்டுபிடிக்க வேண்டும்!

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் மீன் உறைய வைக்கும் குளிர்கிடங்குக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். வெப்பநிலை அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை அது எடுக்கும். அந்த எண் கூடிப்போனால் மணி அடிக்கும். வரிசைப்படுத்தும் ஃபங்ஷன், அதாவது அந்த நிரல் துண்டு, அண்ணன் கைப்பட எழுதியது. அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களை எழுதும் வேலை என்னுடையது.

காலிப் பட்டியல் கொடுத்தேன், காலியாகவே திரும்பி வந்தது. ஏற்கெனவே வரிசையாக இருந்ததைக் கொடுத்தேன், கலைக்கவில்லை. மைனஸ் எண்களும் சரியாக நின்றன. பிறகு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டேன்: மைனஸ் 18 மூன்று முறை, மைனஸ் 5, மைனஸ் 2. ஐந்து கொடுத்தால் மூன்றுதான் வந்தது. திரையில் சிவப்பு, டெஸ்ட் தோல்வி.

காரணம் எளிது. ஓர் எண்ணை எடுத்து, அதைவிடச் சிறியவற்றை ஒரு பக்கமும் பெரியவற்றை மறுபக்கமும் தள்ளுகிறது நிரல். அதற்குச் சமமானவை இரண்டு பக்கமும் சேராமல் தொலைந்துபோகின்றன. அண்ணனின் பழைய டெஸ்ட் வரிசை ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தது, எண்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கவில்லை.

"கிடங்குக்காரங்களுக்கு டெமோ மூணு மணிக்கு லா. அந்த ஒரு டெஸ்ட்ட மட்டும் தூக்கிடும்மா," என்றார் என் திரையைப் பார்த்த அண்ணன்.

"கிடங்குல நாள் முழுக்க மைனஸ் பதினெட்டுதான் அண்ணே இருக்கும், கதவத் திறக்கிறப்பதான் ஒண்ணு ரெண்டு அளவு ஏறும். அதத் தின்னுட்டா நடு எண் மைனஸ் அஞ்சாயிடும். மீன் நல்லாத்தான் இருக்கும், மணி அடிச்சிக்கிட்டே இருக்கும்."

"அப்புறம் பாத்துக்கலாம். உன் கன்ஃபர்மேஷன் என் கையில இருக்கு, தெரியும்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயமும் இருந்தது, டத்தோ கிராமாட்டில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு வாடகை என் சம்பளத்தில்தான் போகிறது. ஆனாலும் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நான் தூக்க மாட்டேன். நீங்க தூக்குங்க அண்ணே, உங்க பேர்லயே."

யார் எந்த வரியை அழித்தார்கள் என்பது, நிரல்களைச் சேர்த்துவைக்கும் எங்கள் களஞ்சியத்தில் பெயரோடு நிற்கும். அது அவருக்கும் தெரியும். உட்கார்ந்தார். என் டெஸ்டைத் தேர்ந்தெடுத்தார். விரல் அழிக்கும் பொத்தான் மேலேயே நின்றது. பிறகு முனகிக்கொண்டே தன் ஃபங்ஷனைத் திறந்து, சமமானவற்றுக்கும் ஓர் இடம் கொடுத்தார். என் நான்கு டெஸ்ட்களும் பச்சையாயின. மூன்று மணி டெமோவில் மணி அடிக்கவில்லை.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. வேலை நிரந்தரமாகவில்லை, தகுதிகாண் காலத்தை நீட்டியிருந்தார். காரணம் என்ற இடத்தில் 'பிடிவாதம்' என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, என் மேசைக்கு வந்து ஐந்தாவது டெஸ்டை எழுத ஆரம்பித்தேன்.