ஆபரேட்டருக்குக் கேட்கிறது

அலுவலகத்தில் அவளுக்கு ஒயரக்கா என்று பெயர். வைரஸ் எச்சரிக்கை வந்தால் ஓடிப்போய் முதலில் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்குவாள். மின்சாரத்தை மட்டும் நிறுத்த விடமாட்டாள். நிறுத்தினால் தடயம் போய்விடும்.

கணினிப் பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்த ஆடிட்டர், வைரஸ் சம்பவம் ஒன்றைக் கையாண்டதற்கு ஆதாரம் கேட்டாள். ஒயரக்கா அப்படி ஒரு சம்பவத்தின் பதிவை, அவர்கள் பேச்சில் டிக்கெட்டை, கணினியில் திறந்து காட்டினாள். வரவேற்பறைக் கணினியில் எச்சரிக்கை, உடனே துண்டிப்பு, தடய நகல், புதிதாக நிறுவல். எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

"நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா கடைசி வேலை திறந்தே இருக்கே? பாதுகாப்பு ஓட்டை தேடற ஸ்கேன்லயும் அதே மெஷின் சிவப்பா வருது. அதை அடைக்கற பேட்ச் போடலையா?"

"போட்டேன். அன்னைக்கு சாயங்காலமே எடுத்துட்டேன்."

"ஏன்?"

வரவேற்பறையில் உட்காரும் டெலிபோன் ஆபரேட்டருக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்தான் அவருக்கு எல்லாம். அந்த பேட்ச் போட்டதும் குரல் நின்றுவிட்டது. பகல் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்காக பேட்சை எடுத்ததை ஒயரக்கா எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

அவள் இதைச் சொன்னதும், கூட இருந்த மேனேஜர் குறுக்கிட்டார். "இதுக்கா இவ்வளவு? அந்த சீட்டுல வேற ஆளப் போட்டுட்டா முடிஞ்சுது."

ஒயரக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. "தப்பு என்னோடது சார். யார்கிட்டயும் அனுமதி வாங்கல. அவர எதுக்கு எழுப்பறீங்க?"

"ஒரு மெஷினுக்கு பேட்ச்லருந்து விலக்கு கொடுக்கறது குத்தமில்ல," என்றாள் ஆடிட்டர். "யார் ஒத்துக்கிட்டாங்க, எதுவரைக்கும், அதுவரைக்கும் என்ன பாதுகாப்பு, இது மூணும் இல்லாததுதான் குறை. குறைன்னுதான் எழுதுவேன்."

"எழுதுங்க."

அன்றே அந்தக் கணினியை இணையத்திலிருந்து விலக்கி, தொலைபேசிப் பட்டியல் மட்டும் எட்டும்படி தனி வலையில் வைத்தாள். குறுகிய கால விலக்குக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டார். குரல் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. அதையும் பேட்சையும் வேறொரு கணினியில் சோதித்துவிட்டு, வரவேற்பறைக்குப் போய் அங்கேயும் போட்டாள்.

ஆபரேட்டர் ஹெட்போனை மாட்டி, புதுக் குரலைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஏம்மா, யாரு இவ? பஸ்ஸ பிடிக்கப் போறவ மாதிரி பேசறா."

"புதுசுண்ணே. வேகத்தைக் குறைக்கிறேன்."

"இன்னும்."

"இப்போ?"

"ம். மூக்கால பேசறா. போகட்டும், பழகிடுவா."

"நீங்க அவள மெரட்டாம இருந்தா சரி."

அவர் சிரித்தார். அதற்குள் அழைப்பு வந்தது. விரல்கள் விசைகளில் ஓடின, குரல் ஒரு எண்ணை வாசித்தது, அவர் இணைப்பைக் கொடுத்தார். ஒயரக்கா அதுவரை அங்கேயே நின்றாள்.

மறு ஸ்கேனில் சிவப்பு இல்லை. அந்த அறிக்கையை இணைத்து டிக்கெட்டை மூடும்போது, யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தாள்: ஆபரேட்டருக்குக் கேட்கிறது.