முத்தழகுவின் இரண்டு வேகங்கள்

சிக்கல் ஊரைச் சேர்ந்த முத்தழகு, இராமநாதபுரத்தில் தவசியின் பிரவுசிங் சென்டரில் மனு அடித்துக்கொடுத்தாள். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். வயது முப்பத்தொன்று. கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறவர்கள் குறையைச் சொல்லி மூச்சு விடுவதற்குள் அது திரையில் இருக்கும்.

2009-இல், கத்தாரில் வெல்டராக இருந்த வீரையாவுக்கு அவளைப் பேசினார்கள். மூன்று மாதம் சாட்டில் பேசிப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அவன் சொன்னான். முன்பு வந்த நான்கு வரன்கள் வயதைக் கேட்டதும் போய்விட்டன. இதுவும் போனால் இனிப் பார்க்கப்போவதில்லை என்று பெற்ற அய்யா சொல்லிவிட்டார்.

சாட்டில் எல்லோரும் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைத்தார்கள். அவளும் அப்படியே தொடங்கினாள். ஏ, எம், எம், ஏ, ஏ என்றால் அம்மா. தெரிந்த சொல்லை இங்கிலீஷுக்கு அனுப்பித் திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது. ஒரு வரிக்கு ஒரு நிமிடம். வீரையா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டான்.

மனுவுக்கு ஆல்ட் கீயோடு மூன்றைத் தட்டினால் டைப்ரைட்டர் முறை. சாட்டுக்கு ஆல்ட்டோடு இரண்டு, இங்கிலீஷ் எழுத்து முறை. நாளைக்கு நூறு தடவை மாற்றுவாள். ஒருநாள் பட்டா மனுவின் நடுவே சாட்டுக்கு வந்தவள் மாற்ற மறந்தாள். விரல்களும் மாறவில்லை. ஒற்றைக் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டும் பழக்கத்திலேயே ஒரு நிமிடத்தில் ஏழு வரி அடித்து, கமா போட்டு அனுப்பினாள்.

பதில் வந்தது. "யாரு இது? முத்தழகைக் கூப்பிடுங்க."

"நான்தான்" என்றாள். அதுவும் உடனே போய்விட்டது.

"இத்தனை நாளும் ஆள் வச்சா அடிச்சீங்க?"

கொஞ்ச நேரத்தில் கடைப் போன் அடித்தது. தவசி எடுத்தார். ஆண் குரல் கேட்டதும் எதிர்முனை அமைதியானது. தவசி போனை அவளிடம் நீட்டினார். "ஒன் ஆளு போல. கோவமா மூச்சு விடுறாப்ல."

அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். "நீங்க பேசுங்க. நான் அடிக்கிறேன். அங்கன கம்ப்யூட்டரப் பாருங்க."

"என்னத்தப் பேச?"

'என்னத்தப் பேச?' என்று அவனுடைய திரையில் வந்தது.

அவன் வேண்டுமென்றே வேகமாகப் பேசினான். மத்தியானம் தின்ற குப்பூஸ் ரொட்டி, சூப்பர்வைசரின் அநியாயம், ஏ.சி. ஓடாத அறை. எல்லாம் அவன் வாயை மூடுமுன் வந்துகொண்டிருந்தன. நடுவில் கேம்ப் முகவரியை இங்கிலீஷில் சொன்னான். ஆல்ட்டோடு பூஜ்யம் தட்டி அதை அடித்துவிட்டு மறுபடி தமிழுக்கு வந்தாள்.

"அப்ப முன்னாடி மெதுவா அடிச்சது?"

"அதுவும் நான்தான். அது எனக்கு வராத கீபோர்டு."



"ஒங்க அய்யாட்ட தேதி பாக்கச் சொல்லு" என்றான். "இப்பச் சொன்னேன்ல, சூப்பர்வைசர் சமாச்சாரம். அத அப்பிடியே எம்பசிக்கு ஒரு மனுவாப் போட்டு அனுப்பு."

"யார் பேருல?" என்று கேட்டுவிட்டு, அவள் புதுப் பக்கம் திறந்தாள்.