யாரைக் கேட்டாலும் சொல்வாங்க

கூரியர் ஆபீசில் அவளுக்குப் பேர் லேண்ட்மார்க். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி. விலாசம் புரியாத பார்சல்களை அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, "பக்கத்துல என்ன லேண்ட்மார்க் சார்?" என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு.

உலகத்தில் அவளுக்குப் பிடிக்காத வாக்கியம் ஒன்றே ஒன்று. "யாரைக் கேட்டாலும் சொல்வாங்க." இதைப் பார்சல் மேலேயே எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. அந்த வாரம்கூட ஒன்று வந்திருந்தது: 'பெட்ரோல் பங்க் அருகில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.' டெலிவரிப் பையன் யார் யாரையோ கேட்டான், ஒருவரும் சொல்லவில்லை. போன் போட்டால் அந்த மகராசன் எடுக்கவும் இல்லை. தன் கல்யாணப் பத்திரிகையிலேயே மண்டபத்துக்குப் படம் வரைந்து, பள்ளம் இருக்கும் இடத்தைக்கூடக் குறித்தவள் அவள். இதையெல்லாம் எப்படிப் பொறுப்பாள்?

ஆபீஸ் மாடியில் பெண்கள் கழிப்பறை. அதன் சின்ன ஜன்னலைத் திறந்தால் பின்பக்கத்துச் சதுப்பு தெரியும். மழைத்தண்ணீர் தேங்கி, கோரை மண்டி, யாரும் எட்டிப் பார்க்காத இடம். அங்கேதான் அவள் மயில் உள்ளான் என்ற சேற்றுப் பறவையைக் கண்டுபிடித்தாள். அந்த வட்டாரத்தில் அது கூடு கட்டி யாரும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கோரைக்கு நடுவே தட்டையாக ஒரு கூடு, நாலு முட்டை, மேலே அசையாமல் ஒரு பறவை. அதுவும் ஆண் பறவை. இந்த இனத்தில் பளபளவென்று இருப்பவள் பெண். முட்டையை இட்டுவிட்டு அவள் போய்விடுவாள், அடை காப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பன் பாடு. ஆபீஸ் பெண்கள் அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்து, முறை போட்டு எட்டிப் பார்த்தார்கள். கழிப்பறைக்கு அவ்வளவு மவுசு அதற்கு முன் இருந்ததில்லை.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். "பாத்தீங்களா, பொறுப்புன்னா அது."

"அதுக்குத் தினம் ரெண்டு வேளை லேண்ட்மார்க் கேக்குற பொண்டாட்டி இல்லையே," என்றான் அவன்.

பைனாகுலரில் போனை ஒட்டிவைத்து ஜன்னலிலிருந்தே ஒரு படம் எடுத்து, பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். குழுவை நடத்துகிற பல் டாக்டரம்மா கண்டிப்பானவர். கூட்டுப் படம் என்றால் இடம் சொல்லக் கூடாது. ஆள் கூடினால் பறவை எழுந்து ஓடும், முட்டை வெயிலில் வேகும், மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும். ஆகவே லேண்ட்மார்க் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஒரு சதுப்பு நிலம்' என்று மட்டும் எழுதினாள். எழுதிவிட்டு, கதவைப் பூட்டாமல் வீட்டை விட்டு வந்தவள்போல் தவித்தாள்.

குழுவில் ஒருவர் இருந்தார். முழங்கை நீள லென்ஸ் வைத்திருப்பதால் எல்லாரும் அவரைப் பீரங்கி என்பார்கள். "படம் மங்கலா இருக்கே சிஸ்டர். சாதா உள்ளான் மாதிரி தெரியுது," என்று தட்டிவிட்டார்.

சாதாவா! அவளுக்குச் சுருக்கென்றது. படமாக அனுப்பினால் ஆப் அதைச் சுருக்கிவிடுகிறது என்று தெரியும். அசல் ஃபைலையே டாக்குமென்ட்டாக அனுப்பினாள். "பெருசு பண்ணிப் பாருங்க சார். முட்டையை எண்ணலாம்."

எண்ணினார்கள். அதோடு நிற்கவில்லை. படமாகப் போயிருந்தால் அந்த ஆப் கழற்றிவிட்டிருக்கும் ஒரு சங்கதி, அசல் ஃபைலில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. எடுத்த இடம், மேப் புள்ளியோடு. ஊருக்கெல்லாம் விலாசம் கேட்கிறவள், தன் வாயால் சொல்லாமலே துல்லியமாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கவுண்டருக்கு முன் இலை நிறச் சட்டையில் ஒரு கூட்டம். மேனேஜர் அவர்களை மேலிடத்துச் சோதனை என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"பார்சலா சார்?"

"இல்ல சார். எங்களை மாடிக்கு விடணும்," என்றார் பீரங்கி. போனை நீட்டினார். "மேப் இங்கதான் காட்டுது. மேலேர்ந்து எடுத்த படம்."

மேனேஜர் பார்த்தார். முகம் கறுத்தது. "அது லேடீஸ் டாய்லெட் சார்."

"பரவாயில்ல சார். ஒரு அஞ்சு நிமிஷம் போதும்."

"காவல்காரரே!" என்று மேனேஜர் அலறிய அலறலில் எடை மெஷின் முள் ஆடியது.

லேண்ட்மார்க்குக்கு அப்போதுதான் விளங்கியது. காது மடல் சுட்டது. போன் போட்டதும் பல் டாக்டரம்மா நேராகவே கேட்டார். "ஃபைலா அனுப்புனியாம்மா? உடனே எல்லாருக்குமா அழிச்சிடு. யாரையும் பின்பக்கம் விடாதே."

அழித்தாள். ஆனால் இறக்கி வைத்தவர்கள் போனில் அது இருக்கத்தானே செய்யும். திரும்பிப் பார்த்தால் கூட்டத்தில் ஒரு தலை குறைந்தது. மாடிக்கு ஓடி ஜன்னலைத் திறந்தாள்.

பீரங்கி சதுப்புக்குள் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார். கூட்டின்மேல் பறவை இல்லை. மாப்பிள்ளை எங்கோ கோரைக்குள் பதுங்கிவிட்டார். நாலு முட்டையும் வெயிலில் கிடந்தன. மதில்மேல் ஒரு காக்கை, கழுத்தைச் சாய்த்து, பீரங்கி எங்கே பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அடை காத்தவர் திரும்பி வராமல் போனால் அது அவள் செய்த வேலை.

"சார், வெளிய வாங்க! முட்டை காயுது!"

"ரெண்டே படம் சிஸ்டர்! ஊரோட அந்தக் கோடியிலேர்ந்து வந்திருக்கேன்! பெட்ரோல் பங்க் பக்கம் என் வீடு, யாரைக் கேட்டாலும் சொல்வாங்க!"

போன் எடுக்காத அந்த மகராசன் இவர்தானா! பிறகு படிகளில் உருண்டு விழாத குறையாக இறங்கி, அலமாரியிலிருந்த அந்தப் பார்சலை எடுத்து, அதிலிருந்த நம்பரை அழுத்தினாள். சதுப்பில் போன் அடித்தது. ஏதோ புண்ணியத்தில் இந்தத் தடவை எடுத்தார்.

"கூரியர் ஆபீஸ்லேர்ந்து பேசறோம் சார். லென்ஸ் மூடின்னு ஒரு பார்சல். இப்பவே கவுண்டருக்கு வரலன்னா திருப்பி அனுப்பிடுவோம்."

பறவைக்காக அசையாதவர் பார்சலுக்காகப் பறந்தார். ஒரு செருப்பு சேற்றிலேயே தங்கிவிட்டது. அவர் கையெழுத்துப் போடுவதற்குள் காவல்காரர் பின்பக்கக் கேட்டைப் பூட்டினார். சதுப்பில் ஆள் இல்லாததும் காக்கைக்கும் சுவாரசியம் போய், குப்பைத்தொட்டிக்குப் பறந்தது.

லேண்ட்மார்க் ஜன்னலோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழிப்பறை வாசலில் வரிசை நின்றது, யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கோரை அசைந்தது. மாப்பிள்ளை தலையை நீட்டினார், இரண்டு பக்கமும் பார்த்தார், வந்து முட்டைமேல் உட்கார்ந்தார். அவள் அழுதேவிட்டாள்.

துல்லியமான இடம் பல் டாக்டரம்மா வழியாக வனத்துறை அதிகாரி ஒருவருக்கு மட்டும் போனது, காவலுக்காக. குழுவின் பறவைப் பதிவேட்டில் இடம் மறைக்கப்பட்டது. ஆனால் செய்தி கசிந்திருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் அவளுக்கு எழுதினார்: 'மேடம், மயில் உள்ளான் கூடு எங்கே இருக்கு?'

விரல் பழக்கதோஷத்தில் கதவு எண்ணைத் தேடியது. அதை அடக்கிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக எழுதினாள்: 'இந்தப் பக்கம்தான் சார். யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.'

அவரும் விடாமல் வந்து ஊரெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் காவல்காரரிடம் நின்றார்.

"பறவையா?" என்றார் காவல்காரர். "உயிருள்ளது எதுவும் கூரியர்ல எடுக்கறதில்ல சார்."