சுண்ணாம்பு தடவாத கலயம்

சாயல்குடிப் பக்கம் எங்களுக்குப் பனைதான் பிழைப்பு. வீட்டுக்காரர் மரமேறிப் பதநீர் இறக்குவார். நான் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவேன். அந்த வருடம் அவர் குடியை விட்டிருந்தார். அதற்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தினமும் விழுங்கினார். "இதைச் சாப்பிடும்போது சாராயம் கொஞ்சம் உள்ளே போனாலும் ஆபத்து" என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலையில் அடுப்பில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. காட்டிலிருந்து வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று இருந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்.

"குடிச்சீங்களா?"

"இல்ல புள்ள. சத்தியமா குடிக்கல."

நான் நம்பவில்லை. இதே சத்தியத்தை முன்பு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோவில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் மூச்சு வாங்கினார். நான் ரோட்டோர வேலிக்கருவை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். படபடப்பு அடங்கியதும் டாக்டரம்மா கேட்டார்: "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடலம்மா. ஒரு கலயம் பதநி குடிச்சேன். நேத்து சாயங்காலம் கடைசி மரத்துக்குப் போறப்ப சுண்ணாம்பு தீந்துபோச்சு. கலயத்துல தடவாமலே பாளையில கட்டிட்டேன். மத்ததோட சேத்தா பாகு கெட்டுப்போகும்ல, கீழ ஊத்த மனசில்லாம குடிச்சேன்."

"சுண்ணாம்பு இல்லாட்டி அது கள்ளு ஆகிடும்னு தெரியாதா?"

"வெயில் ஏறினா ஆகும்மா. இது அப்பத்தான் இறக்குனது. நல்லா இனிச்சுச்சு."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புளித்தால் கள், இனித்தால் பதநீர்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "பாளையிலிருந்து கலயத்துல சொட்டுறப்பவே நுரைக்க வைக்கிற கிருமி அதுல சேர்ந்துடும். சுண்ணாம்பு இருந்தா அதை அடக்கி வைக்கும். இல்லன்னா ராத்திரியெல்லாம் மரத்துல இருக்கும்போதே சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமா சாராயமா மாறிடும். இறக்குற நேரத்துக்கு ரெண்டுமே இருக்கும். மிச்சமிருக்கிற சர்க்கரைதான் உங்களுக்கு இனிச்சுது."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நான் பொய் சொல்லல புள்ள" என்றார்.

"தெரியுது" என்றேன். அவர் காலடியில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். மரமேறுவதை விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். வேறு வேலை தெரியாது. சீசனும் பாதிதான் ஆகியிருந்தது. திரும்ப ஏறினார். கலயங்களுக்குச் சுண்ணாம்பு தடவும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தாகத்துக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிறார். பதநீர், சுண்ணாம்பு போட்டதானாலும், அவர் வாயில் வைப்பதில்லை.