போல் ஸ்டிக்கரில் விழுந்த ஓட்டுகள்

சின்ன காஞ்சிபுரத்தில் நானும் என் கணவரும் நடத்தும் பட்டுக்கடைக்காக அந்தத் தீபாவளிக்கு ஒரு சலுகையை யோசித்து வைத்திருந்தோம். வீட்டிலிருக்கும் பழைய பட்டுப்புடவையைக் கொண்டு வந்தால், புதுப்புடவை விலையில் அதன் மதிப்பைக் கழித்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அது ரகசியம். தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், அவர், கடைக்குப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போடும் வேலையை என்னோடு பார்த்துவந்த பெண். அவளுடைய அண்ணன் ஊரின் பெரிய பட்டுக்கடை ஒன்றில் சேல்ஸ்மேன்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. காய்கறிக்காரர் தராசைத் தொட்டால்கூட என் கண் அவர் விரலில்தான் இருக்கும்.

புதன்கிழமை காலை நான்கு ஸ்டோரிகளை வரிசையாகப் போட்டேன். முதலாவதில் கறுப்புப் பின்னணியில் 'ஒன்று வருகிறது' என்று மட்டும். இரண்டாவதில் மடித்த ஒரு புடவையின் கரையும் முந்தானை நுனியும், மிக நெருக்கமாக எடுத்தது. அது என் கல்யாணப் புடவை. ஜரிகை நன்றாக மின்னுகிறதே என்று நானே பீரோவிலிருந்து எடுத்து, நானே படம் பிடித்தேன். மூன்றாவதில் ஓட்டுப் போடச் சொல்லும் போல் ஸ்டிக்கர்: 'என்னவாக இருக்கும்? தள்ளுபடியா, பிளவுஸ் தையல் இலவசமா, பழசுக்குப் புதுசா?' நான்காவதில் வெள்ளிக்கிழமை வரைக்குமான கவுண்ட்டவுன்.

ஓட்டுப் போடுகிறவர்களுக்கு எந்தப் பதிலுக்கு எத்தனை சதவீதம் என்பது மட்டும்தான் தெரியும். யார் எதற்குப் போட்டார்கள் என்பது பக்கத்தை நடத்துகிற எங்களுக்குத் தெரியும். மத்தியானம் ஸ்டோரியை மேலே தள்ளிப் பார்த்தேன். சென்னை, பெங்களூர் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தள்ளுபடி என்றிருந்தார்கள். 'பழசுக்குப் புதுசு' என்று சரியாகச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தனை பேரும் எங்கள் ஊர்க்காரர்கள். முதல் பெயரே அவள் அண்ணனுடையது.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லா போன்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றினேன். அவளே வந்து கேட்டாள்.

"அக்கா, பேஜ் உள்ள போக மாட்டேங்குது. எதுனா மாத்தினீங்களா?"

"நான்தான் மாத்தினேன். உங்க அண்ணன்கிட்ட ஆஃபரப் பத்தி என்ன சொன்ன?"

"வூட்ல நாங்க கடைப் பேச்சே எடுக்க மாட்டோம்க்கா. ரெண்டு பேரும் வேற வேற கடை. எதுக்கு வம்புன்னு வுட்டுட்டோம்."

"அப்புறம் அவரு எப்படி மொத ஆளா கரெக்டா ஓட்டு போட்டாரு?"

அவள் என்னையே பார்த்தாள். மாட்டிக்கொண்டவளின் முழி என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். எங்களுக்கு நெய்துதரும் நெசவாளர் ஒருவர் தறியிலிருந்து அறுத்த புடவையோடு வந்தார். அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. இவரிடமும் உளறியிருப்பாளோ என்று நினைத்து, அவளுக்குக் கேட்கும்படியே கேட்டேன்.

"நம்ம ஆஃபர் உங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் சிரித்துவிட்டார். "யாரும்மா சொல்லணும்? நீங்க போட்ட போட்டோல கரையோரம் ஃபால்ஸ் தச்ச தையல் தெரியுது. முந்தானைல குஞ்சம் வேற கட்டியிருக்குது. புதுப்புடவைல இதெல்லாம் ஏது? யாரோ கட்டின புடவையக் காட்டி 'என்ன வருது'ன்னு கேட்டா, பழசு வாங்கப் போறீங்கன்னுதானே அர்த்தம்? பட்டு வேலை பாக்கறவங்க, கடைல விக்கறவங்க எல்லாம் காலைலயே பேசிக்கினு இருந்தோம்மா."

போனை எடுத்துப் பார்த்தேன். கரையை ஒட்டி ஒரே சீராக ஓடியது தையல். இருபது வருடமாகப் பட்டு விற்கிறவள் நான். மினுமினுப்பை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அவர் போனபின் அவளிடம் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதுதான். மனசுல வெச்சுக்காத. புது பாஸ்வேர்டு அனுப்பறேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேணாம்க்கா. போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிடறேன், நீங்களே போட்டுக்கோங்க. நாளைக்கு எதுனா வெளிய தெரிஞ்சா, மறுபடியும் என் மூஞ்சியத்தானே பாப்பீங்க?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பார்ப்பேன் என்று எனக்கே தெரிந்ததால், பாஸ்வேர்டை அனுப்பாமல் போனைக் கீழே வைத்தேன்.