கயிறு கை நழுவிய நாள்

ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு ஓர் அந்நிய மொழியைப் பிடித்தான். கப்பலைக் கண்டாலே குமட்டுகிறவன், மூன்று வாரம் கடலில் கிடந்து கரையேறினான். அத்தா போன பிறகு ஒழுகிக் கிடந்த, காரைக்குடிப் பக்கத்து மானகிரி வீட்டுக்கு ஓடு மாற்றினான். சிபாரிசு செய்ய ஒரு நாதி இல்லாத ஊரில், அரசாங்க மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டான். காரைக்குடி முகைதீன் பிச்சை மகன் சாதிக் அலி சம்பாதித்தவை இவை. யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை.

சென்னையில் ஒரு சிந்தி முதலாளியின் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தான். முதலாளியின் தம்பிக்கு லாஸ் பால்மாஸில் கடை இருந்தது. ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே ஸ்பெயின்காரர்களின் தீவு. கப்பல்கள் எண்ணெய் நிரப்ப ஒதுங்கும் துறைமுகம். கடிகாரமும் ரேடியோவும் விற்க ஆள் வேண்டும் என்று 1966இல் அவனை அனுப்பினார்கள்.

கடை மாடியில் ஓர் அறை. வீட்டுக்காரம்மா கீழே. முதல் வாரம் ஒரு காலையில் அந்த அம்மாள் எங்கே புறப்பட்டாய் என்று கேட்க, குளியலறையைக் காட்டி "லாவோ" என்றான். கழுவுகிறேன் என்று அர்த்தம். அம்மாள் "எதை?" என்று கேட்டு, அழுக்குத் துணி வாளியைக் கையில் கொடுத்துவிட்டாள். "மே லாவோ" என்று சொல்ல வேண்டுமாம். அந்த "மே" சேர்ந்தால்தான் தன்னையே கழுவிக்கொள்வது. வாளியோடு நின்றபோதே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. கழுவுகிறேன், கழுவிக்கொள்கிறேன். நம்மிடம் இருப்பதுதானே!

அதற்கப்புறம் அவன் மற்றக் கடைக்காரர்களைப் போல ஆங்கிலம் வழியாக அந்த மொழிக்குள் போகவில்லை. காரைக்குடி வழியாகப் போனான்.

கடை வாசலில் "செ வெந்தே" என்று எழுதி ஒரு கடிகாரம் தொங்கும். விற்கப்படும் என்று பொருள். யார் விற்கிறார் என்று பலகை சொல்லாது. கடிகாரம் பலவானால் "செ வெந்தென்" என்று அந்தச் சொல்லும் கூடவே பலவாகும். அவன் ஒருமையில் எழுதிவைத்த அட்டையைப் பார்த்து, மீன் விற்கும் பெண் ஒருத்தி, "ஒண்ணுதான் மிச்சமா?" என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

இன்னொரு நாள் வீட்டுக்காரம்மாவின் கண்ணாடித் தம்ளர் விழுந்து நொறுங்கியது. "ரொம்பி எல் வாசோ" என்றான், மெய்யாகவே வருத்தத்தோடு. நான் தம்ளரை உடைத்தேன்.

"ஏன்டா, அது உனக்கு என்ன செய்தது?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள் அம்மாள். பிறகு சொல்லிக் கொடுத்தாள்: "செ மே ரொம்பியோ." உடைந்தது, அதுவும் என் கையில், நான் நினைக்காமல்.

அன்று அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. எட்டு வயதில் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைப் போட்டுவிட்டு, "உடைஞ்சிருச்சு" என்று நின்றான்.

"தானா உடைய அதுக்குக் கையா காலா?" என்றாள் அக்கா ஹாஜிரா.

"நான் உடைக்கல."

"உடைச்சேன்னு யாருடா சொன்னா? கை தவறிருச்சுன்னு சொல்லு. கையாச்சும் உன்னுதுதானே?"

மண்ணெண்ணெய் வாசமும், அக்கா விளக்குமாற்றால் சில்லுகளைக் கூட்டிய சத்தமும் அந்தத் தீவின் சமையலறையில் அவனிடம் வந்து சேர்ந்தன. அக்காவுக்கு எழுதினான்: நீ சொன்னதை இங்கே ஒரு சொல்லாகவே வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வருஷம், துறைமுக அலுவலகத்திலிருந்து ஒரு காவலர் கடைக்கு வந்தார். தமிழ் பேசும் மாலுமி ஒருவன் காவலில் இருக்கிறான்; மொழிபெயர்க்க வர முடியுமா?

மாலுமியின் பெயர் மருது. கண்டரமாணிக்கத்துக்காரர், பம்பாயில் கப்பலேறியவர். சரக்குப் பெட்டியை இறக்கும்போது அவர் பிடித்திருந்த கயிறு போய், பெட்டி ஆடி, கரைத் தொழிலாளி ஒருவரின் கால் முறிந்துவிட்டது. கப்பல் அதிகாரியிடம் அரைகுறை இந்தியில் "கயித்தை விட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அது ஆங்கிலமாகி, பின் ஸ்பானியமாகி, "சொல்தே லா குவெர்தா" என்று தாளில் ஏறியிருந்தது. நானே கயிற்றை விட்டேன். வேண்டுமென்று செய்தவனுக்குச் சிறை. கப்பல் மறுநாள் காலை புறப்படும். விபத்து என்று முடிந்தால்தான் மருது அதில் போகலாம்.

சாதிக்கைப் பார்த்ததும் மருது கண் கலங்கிவிட்டார்.

"எந்த ஊருப்பா?"

"காரைக்குடி அண்ணே."

"அடப் பாவி, நம்ம ஊருப் பக்கம்! தம்பி, என்னையக் காப்பாத்து. கயிறு தானா அவுந்துபோச்சுன்னு சொல்லிரு. நீ சொன்னா இவுகளுக்கு என்ன தெரியப் போகுது?"

சொல்லலாம். "செ சொல்தோ லா குவெர்தா." கயிறு அவிழ்ந்தது. அதில் மருதுவே இருக்கமாட்டார். ஆனால் தானாக அவிழ்ந்தது என்றால், முடிச்சுப் போட்டவன் யார் என்று அடுத்த கேள்வி வரும். அங்கே இன்னொரு மாலுமி இருப்பான்.

"அண்ணே, முடிச்சு அவுந்துச்சா?"

"இல்ல."

"பிறகு?"

"கயித்துல எண்ணெய். கையும் ஈரம். பிடிச்சுத்தான் பார்த்தேன், வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு. நெசமா விடல தம்பி." உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இரண்டிலும் கயிறு உரசிக் கிழித்த சிவந்த காயம்.

"அதைத்தான் சொல்லப் போறேன். நீங்க இல்லாமச் சொல்லமாட்டேன், நீங்க செஞ்சீகன்னும் சொல்லமாட்டேன்."

"அப்படி ஒரு பேச்சு இவுக பாஷையில இருக்கா?"

"இருக்கு அண்ணே. நம்மகிட்ட இருக்குறதுதான்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் வயதானவர், அவசரப்படாதவர். சாதிக் சொன்னான்: "செ மே சொல்தோ லா குவெர்தா."

எழுத்தரின் பேனா நின்றது. "இதையே அவர் சொன்னாரா? நீ அழகுபடுத்தவில்லையே?"

"அவர் மொழியிலும் இப்படித்தான்." மருதுவிடம் கைகளைக் காட்டச் சொன்னான்.

எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். வேண்டுமென்று விடுகிற கையில் கயிறு உரசாது என்று தானே முணுமுணுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "பெட்டியை இறக்கச் சொன்னது யார்?"

"மேலருந்து சத்தம் வந்துச்சு. ஆள் தெரியல," என்றார் மருது.

"செ தியோ லா ஓர்தென்" என்றான் சாதிக். கட்டளை இடப்பட்டது. கடைப் பலகையைப் போலத்தான்: செய்தவர் உண்டு, பெயர் இல்லை. எழுத்தர் சிரித்துவிட்டார். "அந்த ஆளைக் கண்டுபிடிப்பது என் வேலை. இதில் நீ யாரையும் சேர்க்கவில்லை, நல்லது."

பழைய வரியை அடித்து, புதியதை எழுதி, உரக்கப் படித்தார். சாதிக் வரிக்கு வரி தமிழில் திருப்பிச் சொன்னான். கை நழுவிப்போச்சு என்ற இடத்தில் மருது தலையாட்டி, அப்படியே அழுதார். மாலையில் விபத்து என்று முடித்து விட்டுவிட்டார்கள். வாசலில் சாதிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "காரைக்குடிக்குப் போனா யார்கிட்டச் சொல்லணும்?" என்றார் மருது.

"எங்க அக்கா ஹாஜிராகிட்ட. விளக்குக் கண்ணாடிக் கடன் தீந்துச்சுன்னு சொல்லுங்க."

மருது புரியாமலேயே ஊருக்கு வந்து அப்படியே சொன்னார், ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு. அக்கா அந்த டப்பாவில்தான் இன்றும் உப்பு வைத்திருக்கிறாள்.

அதன் பிறகு அந்தத் துறைமுகத்தில் தமிழ் மாலுமிக்குத் தகராறு என்றால் சாதிக்கைத்தான் கூப்பிட்டார்கள். பத்து வருஷம் கூப்பிட்டார்கள். மருதுவுக்காகப் போன அந்த முதல் நாள், எழுத்தர் தாளின் அடியில் "மொழிபெயர்ப்பாளர்" என்று எழுதி, பேனாவை அவன் பக்கம் திருப்பி வைத்தார். எந்த எழுத்தில் போடட்டும் என்று கேட்டான். உன் எழுத்தில் என்றார். "மு. சாதிக் அலி" என்று தமிழில் போட்டு, பக்கத்தில் தேதியும் போட்டான்: 11 மார்ச் 1969, செவ்வாய்க்கிழமை.