பாறைப் பெண்ணுக்கு முகம் வேண்டாம்

அந்தச் சிரிப்பைக் கேட்டாலே மித்சுயோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இலையுதிர்காலத் திருவிழாவில், மலைக்கோயில் கமிட்டித் தலைவர் குரோகி மைக்கைப் பிடித்துப் பழைய கதையை வாசிப்பார். வானத்திலிருந்து இறங்கிய தேவகுமாரன் நினிகி, மலைத்தெய்வத்தின் இளைய மகளான பூப்போன்ற சகுயாவைப் பெண் கேட்கிறான். அப்பன் மூத்தவள் இவானகாவையும் சேர்த்து அனுப்புகிறான். "பாறை மாதிரி முகம்" என்று நினிகி அவளை மட்டும் திருப்பி அனுப்புகிறான். அந்த இடத்தில் மண்டபமே குலுங்கிச் சிரிக்கும். சிரித்த வாயோடு நாலு பேர் மித்சுயோ பக்கம் திரும்புவார்கள். அவளுக்குப் பெரிய தாடை. பள்ளிக்கூடத்திலேயே அவளுக்கு வைத்த பெயர் இவானகா.

கதை முழுக்க அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசுவதெல்லாம் அப்பன்தான். 'மூத்தவளையும் வைத்திருந்தால் உன் வம்சம் பாறைபோல் நிலைத்திருக்கும். இனி பூப்போல உதிரும்' என்று ஆள் அனுப்பிச் சொல்கிறான். அந்த வம்சத்தில் வந்த மனுஷருக்கு ஆயுசு குறைந்தது அப்படித்தானாம்.

இந்த வருஷம் படக்கதையாக நானே சொல்கிறேன் என்று மித்சுயோ கமிட்டியில் கேட்டாள். மரச்சட்டத்தில் அட்டைகளை அடுக்கி, ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லும் வித்தை அவளுக்குக் கைவந்தது. குரோகி சரி என்றார். "முதல்ல எனக்குக் காட்டணும். சரியில்லேன்னா நானே மைக்ல வாசிச்சிடுவேன்."

அடுப்பில் காளான் குழம்பு கொதிக்கக் கொதிக்க எழுதினாள். இவானகா நினிகியின் முன்னால் நிமிர்ந்து நின்று, "என்னை வேண்டாம்னுட்டே, இனி நீ சீக்கிரம் சாவே" என்று ஒரு பக்கத்துக்குத் திட்டினாள். எழுதி முடித்ததும் மித்சுயோவுக்கு வயிறு குளிர்ந்தது.

குரோகி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆயுசு குறையும்னு இவளுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ அவன் வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே? அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா, நாம சாகறதுக்கு அவளும்தானே காரணம்?"

அந்த ஆள் சொன்னது சரி. அதுதான் மித்சுயோவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து முள்ளங்கியை வேண்டுமென்றே சத்தமாக வெட்டினாள்.

படம் போடும் கினுயே வந்து நின்றாள். "அக்கா, இவானகா முகத்தை அழகா போட்டுட்டேன். இனி யாரு சிரிப்பா?"

"அறிவிருக்கா உனக்கு? அழகா இருந்தா அவன் ஏன்டி திருப்பி அனுப்பறான்? கதையே கவுந்துடும்."

"அசிங்கமா போட்டா சிரிக்கிறாங்க, அழகா போட்டா நீங்க திட்டறீங்க. நான் என்னதான் போடறது?"

மித்சுயோ கத்தியைக் கீழே வைத்தாள். இவானகா தன் முகத்தை எங்கே பார்த்தாள்? மரியாதைக்காகத் தலை தரையைத் தொடக் குனிந்து கிடந்தவளுக்குத் தெரிந்தது பாயும் நினிகியின் காலும்தான். தான் எதற்காக அனுப்பப்பட்டோம் என்பதும் அவளுக்குத் தெரியாது. அப்பன் அவளிடம் சொன்னதாகப் பழைய கதையில் எங்கேயும் இல்லை.

"அவளைப் போடவே போடாதே. அவ கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதோ, அதை மட்டும் போடு."

"எல்லா அட்டையையும் மறுபடியுமா?" கினுயே தலையில் கைவைத்துக்கொண்டாள். இருந்தாலும் போட்டாள்.

எழுதியிருந்த திட்டு எல்லாவற்றையும் மித்சுயோ அடித்து நீக்கினாள். நினிகி என்ன நினைத்தான் என்று எழுதியிருந்ததையும் அடித்தாள், அது இவானகாவுக்கு எப்படித் தெரியும்? புது அட்டைகளைப் பார்த்த குரோகி, "பொண்ணைக் காணோமே?" என்று முனகினார். ஆனாலும் சரி என்று அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்.

திருவிழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சோற்றுருண்டையை மென்றுகொண்டே பெண்கள் காத்திருந்தார்கள். அந்த இடம் வந்தது. மித்சுயோ அட்டையைப் பாதி உருவி நிறுத்தினாள். பாய் விளிம்பு, இரண்டு கால்கள். மேலேயிருந்து, "இவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போ" என்ற நினிகியின் குரல். மீதியை உருவினாள். கால்கள் திரும்பிக்கொண்டிருந்தன. சிரிக்கத் தயாராக வந்த வாய்களுக்குச் சிரிக்க ஒரு முகம் இல்லை.

கடைசி அட்டையில் ஒரு கதவு இடுக்கு, அதன் வழியாக அப்பனின் முதுகு. பாறை, பூ, ஆயுசு என்று அவன் தூதனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். கதவுக்கு இந்தப் பக்கம் அதைக் கேட்ட மகள் முதல்முறையாக வாய் திறக்கிறாள்.

"அப்பா, இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "பாவி அப்பன்!" என்றாள். யாரும் மித்சுயோவின் தாடையைப் பார்க்கவில்லை.

குரோகி எழுந்தார். "அந்தக் கடைசி வரி பழைய புஸ்தகத்துல இல்லே."

"எப்படி இருக்கும்? அவளை யார் கேட்டா?"

அதற்குள் முன்வரிசைக்காரி ஒருத்தி, "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா? எங்கே போனா? சாப்பிட்டாளா?" என்று ஆரம்பித்தாள். கூட இன்னும் நாலு பேர்.

"இங்கதான் கதை முடியுது" என்றாள் மித்சுயோ.

"அதெப்படி முடியும்? பாதியிலே விட்டுட்டு எழுந்திரிச்சா எப்படி?"

மித்சுயோ மரச்சட்டத்தை மடக்கிப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.